கடிதத்தை முடிக்கும் முன்னே கேட்டுவிட வேண்டும்

பக்கத்து வீடு 1,000 திர்ஹத்துக்கு விற்றுப்போனதாகக் கடிதம் வருகிறது. அதே விலையைக் கொடுத்து அந்த வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை அண்டை வீட்டாருக்கு உண்டு என்றனர் ஹனஃபி சட்ட அறிஞர்கள். இதன் பெயர் ஷுஃப்ஆ. கூட்டுச் சொந்தக்காரர் இருந்தால் அவருக்கே முதலிடம். அடுத்து, பாதையையோ வாய்க்காலையோ பங்கிடுபவர். அதன்பின்தான் ஒட்டிய வீட்டுக்காரர்.

ஆனால் கேட்ட கணமே கோர வேண்டும். 12ஆம் நூற்றாண்டு மர்கீனானியின் 'ஹிதாயா' சொல்வதைப் பாருங்கள்: கடிதத்தின் தொடக்கத்திலேயே விற்பனைச் செய்தி இருந்தும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோரினால், பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி உரிமை போயிற்று! பிறகு சாட்சிகளை வைத்து மறுபடி கோர வேண்டும். இவ்வளவு கடுமை ஏன்? வாங்கியவரை எத்தனை நாள் தவிக்கவிடுவது?

அதே சட்டம் ஏமாந்தவரைக் கைவிடவில்லை. 1,000 என்று நம்பி விட்டுக்கொடுத்தவர், உண்மை விலை குறைவு என்று பின்னால் அறிந்தால், மீண்டும் கோரலாம்.