பகடை தேர்ந்தெடுத்த வாக்குச்சீட்டுகள்

2017 நவம்பர் மாதம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரில் ஒரு பொதுக்கூட்டம் நடந்தது. வந்திருந்த பொதுமக்கள் ஒருவர் பின் ஒருவராக, பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண் பொறித்த பத்து முகப் பகடையை உருட்டினார்கள். விழுந்த இலக்கங்களை வரிசை மாறாமல் எழுதிக்கொண்டே போனதில் 20 இலக்கம் கொண்ட ஓர் எண் கிடைத்தது. சில நாட்களுக்கு முன்புதான் அந்த மாநிலத்தில் தேர்தல் முடிந்திருந்தது. வாக்குச்சீட்டுகளை இயந்திரங்கள் படித்து எண்ணியிருந்தன. அவை சரியாகப் படித்தனவா என்று பார்க்க எந்தெந்தச் சீட்டைக் கையால் எடுத்து ஒப்பிடுவது என்பதை அந்த 20 இலக்க எண் தீர்மானித்தது.

மாநிலம் முழுவதற்கும் இப்படியொரு தணிக்கை நடந்தது அங்கே அதுவே முதல்முறை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் வகுத்த முறை அது. பல லட்சம் சீட்டுகளில் சில நூறை மட்டும் பார்த்தே முடிவு சரிதானா என்று சொல்ல முடியும். ஆனால் அந்தச் சில நூறையும் ஆள் கை தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. புள்ளியியல் கணக்கு முழுவதும் அந்த நிபந்தனையில்தான் நிற்கிறது.

நம் ஊர் அலுவலகங்களில் கணக்குத் தணிக்கைக்கு மாதிரி எடுக்கும் வழக்கத்தைப் பாருங்கள். பலரும் எக்செல் தாளில் வவுச்சர்களைப் பட்டியலிட்டு, பக்கத்து நெடுவரிசையில் `RAND()` என்று போட்டு, அதன்படி அடுக்கி, மேலே வந்த முப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். எண்கள் தற்செயலானவைதான். ஆனால் அந்தத் தாளில் வேறொரு கட்டத்தில் ஏதாவது தட்டினாலே எல்லா எண்களும் மாறிவிடும். நேற்று எந்த எண்ணால் அந்த முப்பது மேலே வந்தது என்பதற்கு இன்று தடயம் இல்லை. பிடிக்காத வவுச்சர் மேலே வந்தால் மறுபடி ஒரு தட்டுத் தட்டலாம்; அப்படி யாரும் தட்டவில்லை என்று பிறகு நிரூபிக்கவும் வழியில்லை. நேர்மையாக எடுத்த மாதிரிக்கும் வேண்டியபடி எடுத்த மாதிரிக்கும் வெளியே தெரியும் வேறுபாடு எதுவும் இல்லாமல் போவதுதான் இதில் பெரிய கேடு.

கொலராடோ முறை இதைத் தடுப்பது முதலில் வேலைகளின் வரிசையால்தான். பகடையைத் தொடும் முன்பே ஒவ்வொரு கவுண்டியும் இரண்டு பட்டியல்களை மாநில அலுவலகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். எந்தப் பெட்டியில் எத்தனை சீட்டுகள் இருக்கின்றன என்பது ஒன்று. ஒவ்வொரு சீட்டையும் இயந்திரம் எப்படிப் படித்தது என்பது மற்றொன்று. கூடவே அந்தக் கோப்புகளின் ஹாஷ் மதிப்பையும் தர வேண்டும். ஹாஷ் என்பது கோப்பு முழுவதிலிருந்தும் கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஆகவே பட்டியலைப் பின்னால் திருத்தினால் உடனே தெரிந்துவிடும். வரிசை தலைகீழானால், அதாவது பகடை எண் முதலில் தெரிந்துவிட்டால், பார்க்கப்போகும் சீட்டுகளை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டு மற்றவற்றில் கைவைக்க இடம் கிடைத்துவிடும்.

பட்டியல் பூட்டப்பட்ட பிறகு பகடை. அதில் கிடைத்த எண்ணை விதை எண் என்று வைத்துக்கொள்வோம். அது எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. இனி நடப்பதில் தற்செயலுக்கு இடமே இல்லை, எல்லாம் கணக்கு. விதை எண்ணுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் 1 என்ற எண்ணும் சேர்த்து, அந்தத் தொடருக்கு `SHA-256` என்ற ஹாஷைக் கணக்கிட வேண்டும். கிட்டத்தட்ட 78 இலக்கம் கொண்ட ஓர் எண் வரும். அதை மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்டினால் முதல் சீட்டின் வரிசை எண் கிடைக்கும். 1 இருந்த இடத்தில் 2 போட்டால் இரண்டாவது சீட்டு.

ஓர் ஊரில் 12,000 சீட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் மீதி 612 என்றால் பார்க்க வேண்டியது 613ஆவது சீட்டு. பெட்டிப் பட்டியலில் முதல் பெட்டியில் 250, இரண்டாவதில் 238, மூன்றாவதில் 251 என்று இருக்கிறது. முதல் இரண்டும் சேர்ந்து 488. எனவே மூன்றாவது பெட்டியைத் திறந்து மேலிருந்து 125ஆவது தாளை எடுக்க வேண்டும். இரு கட்சிகளையும் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு அதைப் பார்த்து, வாக்காளர் யாருக்குக் குறியிட்டிருக்கிறார் என்று பதிவு செய்யும். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தின் பதிவோடு ஒப்பீடு. தோற்ற வேட்பாளரின் வீட்டுப் பிள்ளையும் அதே விதை எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டு, 613 தானா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் தேவையான அளவு உறுதி கிடைக்காவிட்டால் இன்னும் கூடுதலாகச் சீட்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது புதிதாகப் பகடை உருட்டுவதில்லை. நூறு வரை போயிருந்தால் 101இலிருந்து தொடர்கிறார்கள். முன்பு எடுத்தவை அப்படியே நிற்கும், புதியவை அவற்றோடு சேரும்.

இந்த வகுத்தல் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. மொத்த எண்ணிக்கை பிசகினால் எல்லாம் பிசகும். ஒரு லட்சத்தை 12,000ஆல் வகுத்தால் மீதி 4,000. பின்னர் ஒரே ஒரு சீட்டு கூடுதலாகக் கிடைத்து 12,001 ஆனால் மீதி 3,992. வகுபடும் எண் 78 இலக்கமாக இருக்கும்போது பழைய மீதிக்கும் புதிய மீதிக்கும் தொடர்பே இருக்காது. நாள்தோறும் வளரும் பட்டியல்களுக்கு, வவுச்சர்களுக்கும் நிலப் பதிவுகளுக்கும், இன்னொரு வழி பொருந்தும் என்பது என் கருத்து. ஒவ்வொரு பதிவின் சொந்த எண்ணையும் விதை எண்ணோடு சேர்த்துத் தனித்தனியாக ஹாஷ் எடுத்து, மிகச் சிறிய ஹாஷ் வந்த முப்பதைத் தேர்ந்தெடுப்பது அந்த வழி. குறியாக்கவியல் துறையில் பெயர்பெற்ற ரான் ரிவெஸ்ட் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இங்கே ஒரு பதிவின் எண் மற்றப் பதிவுகளைச் சார்ந்ததல்ல. புதிதாக ஒரு வவுச்சர் சேர்ந்தால் அதிகம் போனால் அது முப்பதுக்குள் நுழைந்து ஒன்றை வெளியே தள்ளும், மற்ற இருபத்தொன்பதும் அசையாது. ஆனால் விதை எண் தெரிந்த பிறகு பதிவெண்ணைத் தன் விருப்பப்படி வைக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. இருந்தால், மாதிரியில் சிக்காத எண்ணைத் தேடிச் சூட்டிவிடலாம்.

இந்தியாவிலும் இதற்கு நெருங்கிய ஒரு ஏற்பாடு உண்டு. விவிபாட் சீட்டுகளைச் சரிபார்க்க, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன் ஒன்றுதான். வாக்குச்சாவடி எண் எழுதிய அட்டைகளை மடித்துப் போட்டு, வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குலுக்கி எடுக்கிறார்கள். குலுக்கலைக் கண்ணால் பார்க்கலாம், அது அதன் பலம். ஆனால் முடிந்த குலுக்கலை மறுபடி நடத்திப் பார்க்க முடியாது. அந்த அறையில் இல்லாதவருக்கு அங்கிருந்தவர்களின் கையெழுத்து ஒன்றே சான்று. பகடையும் கணக்கும் சேர்ந்த முறையில் வெளியாளின் நம்பிக்கை கையெழுத்தோடு நிற்பதில்லை.

கடைசியாக, களத்தில் அடிக்கடி இடறும் இடம். தேர்வான சீட்டைத் தேடிப் போனால் பெட்டியில் அது இல்லை. பக்கத்துத் தாளை எடுத்துக்கொள்ளலாமே என்று கை நீளும். வவுச்சர் தணிக்கையிலும் இதே பேச்சு வரும்: "அந்த ஃபைல் கிடைக்கல சார், அதுக்குப் பதிலா இதைப் பாருங்க." ஸ்டார்க்கின் முறை இதற்கு இடம் தருவதில்லை. காணாத சீட்டு, வென்றவருக்கு எதிராகப் போகக்கூடிய மிக மோசமான பிழையாகவே கணக்கில் ஏறும். அப்படிச் சில சேர்ந்தால் தணிக்கை நீளும், முழுக் கையெண்ணிக்கை வரைகூடப் போகும். சீட்டை ஒளித்து வைப்பதால் யாருக்கும் லாபம் வராதபடி பார்த்துக்கொள்ளும் விதி அது.