தவணை மாறவில்லை, கடன் நீண்டுவிட்டது

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய பலருக்கு மாதத் தவணை கூடவே இல்லை. தப்பித்தோம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். 30 லட்சம் கடன், 7 சதவீத வட்டி, 20 ஆண்டு. தவணை சுமார் 23,260 ரூபாய். முதல் மாதம் அதில் 17,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 5,760தான். வட்டி 8 சதவீதமானால் வட்டிப் பங்கு 20,000. அசலுக்கு மிஞ்சுவது 3,260. தவணையை மாற்றாமல் விட்டால் 240 மாதக் கடன் 296 மாதமாகிறது. காலத்தை மாற்றாமல் இருக்க வேண்டுமென்றால் மாதம் சுமார் 1,830 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

வட்டி 9.5 ஆனால் நிலைமை விபரீதம். மாத வட்டி மட்டுமே 23,750. தவணை அதையே தொடவில்லை. கட்டக் கட்டக் கடன் வளரும்! கடன் வாங்கிய புதிதில், அசல் பெரிதாக இருக்கும்போதுதான் இந்த ஆபத்து அதிகம்.

காலநீட்டிப்பு இந்த நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. காலாண்டு அறிக்கையில் மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று தவணை கட்டியும் அது மூன்று குறையவில்லையா? காலத்தை நீட்டியிருக்கிறார்கள்.