366-ஆம் நாளில் உறைந்த பாட்டுக் கருவி

2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஸூன் என்ற பாட்டுக் கருவியை வைத்திருந்தவர்கள் ஒரே மாதிரியான புகாருடன் வந்தார்கள். ஆன் செய்தால் தொடக்கத் திரை வருகிறது, அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை, எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை. ஐபாடுக்குப் போட்டியாக 2006 நவம்பரில் கடைக்கு வந்த 30 ஜிபி மாடல் மட்டும்தான் இப்படி நின்றது. பிறகு வந்த மாடல்கள் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தன.

நிறுவனம் சொன்ன தீர்வு விசித்திரமாக இருந்தது. பேட்டரி முழுவதும் தீரும்வரை கருவியை அப்படியே விட்டுவிடுங்கள். ஜனவரி 1 அன்று, கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டியதும் சார்ஜ் போட்டு ஆன் செய்யுங்கள். அப்படிச் செய்தவர்களுக்குக் கருவி பழையபடி பாடியது. நாள் மாறினால் தானாகச் சரியாகிவிடும் கோளாறு எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கான விடை, சில வரி நிரலில் இருக்கிறது.

கணினியிடம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு லூப் என்று பெயர். அதில் ஒரு வகை `while`. இன்ன நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை இந்த வேலையைச் செய்துகொண்டே இரு என்பது அதன் பொருள். சோறு வேகும்வரை கிளறிக்கொண்டிரு என்று ஒருவரிடம் சொல்வதைப் போன்றது இது. அடுப்பைப் பற்றவைக்க மறந்திருந்தால், சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆள் விடியவிடியக் கிளறிக்கொண்டே இருப்பார். நிரல் பழகத் தொடங்கியவர்கள் எழுதும் இந்த வரிகளும் அப்படித்தான்:

```c
int i = 1;
while (i <= 10) {
    printf("%d\n", i);
}
```

1 முதல் 10 வரை அச்சிட வேண்டும் என்பது எண்ணம். ஆனால் `i`-இன் மதிப்பை ஒன்று கூட்டும் வரி உள்ளே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் `i` ஒன்றாகவே இருக்கிறது, ஒன்று எப்போதும் பத்தைவிடச் சிறியது. எனவே திரையில் 1, 1, 1 என்று வந்துகொண்டே இருக்கும், நாமாக நிறுத்தும்வரை ஓயாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் எந்த நாளில் ஓட்டினாலும் மாட்டிக்கொள்ளும். ஸூனில் இருந்த பிழையும் இதே இனம்தான். ஆனால் அங்கே மதிப்பை மாற்றும் வரி இருந்தது. இருந்தும் ஒரு நாளில் மட்டும் நிரல் அந்த வரிக்குப் போகவில்லை.

அந்தக் கருவியின் கடிகாரம் தேதியை நாம் எழுதுவதுபோல் வைத்துக்கொள்வதில்லை. 1980 ஜனவரி 1 முதல் நாள் என்று கொண்டு, அன்றிலிருந்து எத்தனையாவது நாள் என்ற ஒரே எண்ணை வைத்திருக்கும். அதிலிருந்து எந்த ஆண்டு, ஆண்டில் எத்தனையாவது நாள் என்று கணக்கிட வேண்டும். கடிகாரச் சில்லைத் தயாரித்த ஃப்ரீஸ்கேல் நிறுவனத்தின் டிரைவர் நிரலில் அந்தக் கணக்கு இப்படி இருந்தது:

```c
year = ORIGINYEAR; /* = 1980 */
while (days > 365) {
    if (IsLeapYear(year)) {
        if (days > 366) {
            days -= 366;
            year += 1;
        }
    } else {
        days -= 365;
        year += 1;
    }
}
```

படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். கையில் 365-க்கு மேல் நாள்கள் இருந்தால் ஓர் ஆண்டைக் கழி. லீப் ஆண்டானால் 366, இல்லையென்றால் 365. மீதி ஓர் ஆண்டுக்குள் அடங்கியதும் நிறுத்து.

2008 டிசம்பர் 31-க்கான எண்ணை இதில் போட்டுப் பார்ப்போம். 1980 முதல் 2007 வரை 28 ஆண்டுகள், அவற்றில் 7 லீப் ஆண்டுகள், மொத்தம் 10,227 நாள்கள். 2008-இன் 366 நாள்களையும் சேர்த்தால் `days` 10,593. லூப் ஓடத் தொடங்குகிறது. ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, `year` 2008 என்று வரும்போது `days`-இல் மீதி சரியாக 366.

366 என்பது 365-ஐவிடப் பெரியது, ஆகவே லூப்புக்குள் போகிறது. 2008 லீப் ஆண்டு, ஆகவே முதல் கிளைக்குள் நுழைகிறது. அங்கே `days` 366-ஐவிடப் பெரியதா என்ற கேள்வி. இல்லை, சமம். ஆகவே கழித்தல் நடக்கவில்லை, ஆண்டும் கூடவில்லை. அடுத்த சுற்றிலும் அதே 366, அதே 2008, அதே கேள்விகள், அதே பதில்கள். கருவி தொடங்கும்போதே இந்தக் கணக்கு நடப்பதால் தொடக்கத் திரையைத் தாண்ட வழியில்லை. வெளியே உறைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பிராசசர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முந்தைய நாளான டிசம்பர் 30-க்கு மீதி 365 என்று வரும், நிபந்தனை பொய்யாகி லூப் முடிந்துவிடும். ஜனவரி 1-க்கு மீதி 367 என்று வரும், 366 கழிந்து 2009-இன் முதல் நாள் என்று சரியான விடை கிடைக்கும். மாட்டிக்கொள்வது லீப் ஆண்டின் கடைசி நாள் ஒன்றில் மட்டும். இந்தக் கருவி சந்தைக்கு வந்த பிறகு வந்த முதல் லீப் ஆண்டு 2008. அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை.

இதைத் திருத்தச் சொன்னால் பலருக்கும் உடனே தோன்றுவது, `days > 366` என்பதை `days >= 366` என்று மாற்றுவது. லூப் அப்போது நிற்கும், ஆனால் விடை தவறு. 366-இலிருந்து 366 போனால் பூஜ்யம், ஆண்டு 2009. அதாவது 2009-இன் பூஜ்யமாவது நாள். உறைந்துபோன கருவிக்குப் பதிலாகத் தப்பான தேதி காட்டும் கருவி கிடைக்கும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். உள்ளே இருக்கும் `if`-க்கு `else` ஒன்று சேர்த்து அதில் `break` எழுதினால் லூப்பிலிருந்து வெளியேறி, 2008-இன் 366-ஆம் நாள் என்ற சரியான விடை வரும்.

ஆனால் என் பார்வையில் அதுவும் ஒட்டுப்போடுவதுதான். கோளாறின் வேர், லூப்பின் வாசலில் 365 என்றும் உள்ளே 366 என்றும் இரண்டு அளவுகோல்கள் இருந்ததில் இருக்கிறது. அந்த ஆண்டுக்கு எத்தனை நாள் என்பதை ஒரே இடத்தில் கேட்டு, வாசலிலும் உள்ளேயும் அதையே பயன்படுத்தினால் சிக்கலே வராது:

```c
while (days > daysInYear(year)) {
    days -= daysInYear(year);
    year += 1;
}
```

இங்கே உள்ளே நுழைந்தால் எந்தக் கிளையிலும் ஒதுங்க இடமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் `days` குறைந்தது 365 குறைந்தே தீரும், எனவே லூப் முடிந்தே தீரும். ஒரு `while` எழுதி முடித்ததும் இப்படி வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது, நிரலைப் பலமுறை ஓட்டிப் பார்ப்பதைவிட நம்பகமானது. நிபந்தனையில் உள்ள மாறி லூப்புக்குள் எங்காவது மாறுகிறதா என்று மட்டும் பார்க்கும் கருவிகள் ஸூன் நிரலைப் பிழை என்று சொல்லாது. `days -=` என்ற வரி அங்கே இரண்டு இடத்தில் கண்ணெதிரே இருக்கிறதே.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இப்படிச் சிக்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், லூப்பின் தொடக்கத்தில் நிபந்தனையில் உள்ள மாறிகளை அச்சிட்டுப் பாருங்கள். எல்லா மாறிகளும் அடுத்தடுத்த சுற்றுகளில் அப்படியே இருந்து, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராவிட்டால், அந்த லூப் இனி மாறப்போவதில்லை. இப்போது தேதிக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர்கள் சோதனைத் தேதிகளில் 2028 டிசம்பர் 31-ஐயும் சேர்த்து, இன்றே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.