ஒரே நாளில் ஐந்து சந்திப்புகள்: எம்.டி.யின் உதவியாளரை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

நிர்வாக இயக்குநருக்கு எக்சிகியூட்டிவ் அசிஸ்டென்ட் தேடும் நிறுவனங்கள் நேர்காணலில் தட்டச்சு வேகத்தை அதிகம் பார்ப்பதில்லை. பல இடங்களில் விண்ணப்பதாரரின் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அதில் எம்.டி.யின் ஒரு நாள் நிகழ்ச்சி நிரல் இருக்கும். ‘இதில் என்ன சிக்கல்? நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

அப்படி ஒரு தாளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சென்னையில் தலைமை அலுவலகமும் ஒரகடத்தில் தொழிற்சாலையும் உள்ள, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம். நவம்பர் இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. காலை 11 முதல் 1.30 வரை நுங்கம்பாக்கத்தில் காலாண்டு முடிவுகளுக்கான போர்டு மீட்டிங். 12 மணிக்கு வங்கி அதிகாரி அரை மணி நேரம் கேட்டிருக்கிறார். 2 மணிக்கு ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் பெரிய வாடிக்கையாளருடன் ஒரகடத்தில் சந்திப்பு. அன்றிரவே அவருக்கு விமானம். 3 மணிக்கு வாராந்திர மனிதவளக் கூட்டம். மாலை 6.30க்கு நியூயார்க் அலுவலகத்துடன் வழக்கமான அழைப்பு.

பெரும்பாலானவர்கள் 12 மணி மோதலை உடனே சுட்டிக்காட்டிவிடுவார்கள். கணினியே அதைச் சிவப்பில் காட்டிவிடும் என்பதால் அதற்கு மதிப்பெண் குறைவு. தேர்வாளர் எதிர்பார்ப்பது கணினி காட்டாத மோதல்களை. 1.30க்கு நுங்கம்பாக்கத்தில் கூட்டம் முடிந்தால் 2 மணிக்கு ஒரகடத்தில் இருக்க முடியாது. ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். போர்டு மீட்டிங் சொன்ன நேரத்தில் முடியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நியூயார்க் அழைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதுவரை அவர்களின் காலை 9 மணி நமக்கு மாலை 6.30, அதன் பிறகு 7.30. ‘6.30’ என்று யாரோ கையால் எழுதிவைத்திருந்தால் எம்.டி. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பார். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று இந்தக் கணக்கு மறுபடி மாறும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் மாறுகிறது. இடைப்பட்ட வாரங்களில் மூன்று நாட்டாரும் சேரும் அழைப்பு என்றால் தனியாகக் கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

இனி எதை நகர்த்துவது? யார் பெரியவர் என்று பார்த்து வரிசைப்படுத்துவது பலர் செய்யும் தவறு. எதை நகர்த்தினால் சரிசெய்ய முடியாத இழப்பு வரும் என்பதே சரியான கேள்வி. போர்டு மீட்டிங்கைத் தொட முடியாது. அதற்கு ஏழு நாள் முன்னதாக இயக்குநர்களுக்கு நோட்டீஸ் போயிருக்கும். பங்குச் சந்தைக்கும் தேதியை அறிவித்தாயிற்று. காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள், அதாவது நவம்பர் 14க்குள், முடிவுகளை வெளியிட்டாக வேண்டும். ஜெர்மன் விருந்தினர் நாளை இருக்க மாட்டார். மனிதவளக் கூட்டம் அடுத்த வாரமும் வரும். வங்கி அதிகாரி உள்ளூர்க்காரர். மறுநாள் காலை வரச் சொல்லலாம், அவருடைய கோப்பில் அன்றே முடிந்தாக வேண்டிய கெடு எதுவும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு.

நல்ல விண்ணப்பதாரர் இப்படி ஒரு தீர்வைச் சொல்வார்: விருந்தினருக்கு 2 மணிக்குத் தொழிற்சாலைத் தலைவர் ஆலையைச் சுற்றிக்காட்டட்டும். எம்.டி. ஒரகடம் வரை போகவே வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கிண்டியில் ஒரு ஓட்டலில் 5.30க்கு இருவரும் சந்திக்கட்டும். 7.30 அழைப்பை எம்.டி. அங்கிருந்தே பேசிவிடலாம்.

தீர்வு அழகாக இருந்தாலும், அதை உடனே எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன் என்று சொல்பவர் அங்கேயே சறுக்குகிறார். விருந்தினரைத் தொழிற்சாலையிலேயே வரவேற்க எம்.டி. வாக்குக் கொடுத்திருக்கலாம். முதலில் அவரிடம் ஒரே வரியில் கேட்க வேண்டும்: “சார், வியாழன் 2 மணிக்கு நீங்க ஒரகடம் போய்ச் சேர முடியாது. பிளான்ட் ஹெட் ரிசீவ் பண்ணட்டும், நீங்க 5.30க்குக் கிண்டியில பார்க்கலாம். இல்லேன்னா வெள்ளிக்கிழமை வீடியோ கால். எது சரி?” பிரச்சினையை மட்டும் கொண்டுபோனால் எம்.டி.யின் சுமை கூடும். இரண்டு வழிகளோடு போனால் பத்து நொடியில் பதில் வந்துவிடும்.

அடுத்து ரகசியம். காலண்டர்தான் பல நேரங்களில் ரகசியத்தை முதலில் கசியவிடுகிறது. 12 மணி வங்கிச் சந்திப்பு வேறொரு நிறுவனத்தை வாங்கக் கடன் பேசுவதற்கு என்று வையுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரைத் தலைப்பில் எழுதிவைத்தால், காலண்டரைப் பார்க்கும் உரிமை உள்ள எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். தலைப்பில் சங்கேதப் பெயர் போட வேண்டும், ‘பிரைவேட்’ என்று குறிக்க வேண்டும், காலண்டர் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும்கூட அதே கதையைச் சொல்லிவிடும்.

பட்டியலிட்ட நிறுவனத்தில் இதற்குச் சட்டமும் உண்டு. பங்கு விலையைப் பாதிக்கும் வெளிவராத தகவல் கைக்கு வரும் செயலகப் பணியாளர்களையும் செபியின் 2015 உட்தகவல் வர்த்தக விதிகள் கட்டுப்படுத்துகின்றன. காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் வரை அவர்களும் நெருங்கிய குடும்பத்தினரும் அந்த நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. 2010இல் அமெரிக்காவில் டிஸ்னியின் மூத்த அதிகாரி ஒருவரின் உதவியாளர், காலாண்டு முடிவுகளை முன்கூட்டியே தருவதாக, தன் காதலருடன் சேர்ந்து முதலீட்டு நிறுவனங்களுக்கு வலைவீசினார். கடிதம் கிடைத்த சிலர் அதிகாரிகளிடம் தெரிவித்தார்கள். வாங்குபவர்கள்போல வந்தது எஃப்.பி.ஐ. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

நேர்காணலில் இதைச் சோதிக்கும் கேள்வி மிகச் சாதாரணமாக வரும்: “உங்க பழைய ஆபீஸ்ல நீங்க கையாண்ட ரகசியமான விஷயம் ஒண்ணு சொல்லுங்க.” உற்சாகத்தில் பழைய முதலாளியின் குடும்பத் தகராறையோ, நடக்காமல்போன விற்பனையையோ விவரிப்பவர் எழுந்து போகலாம், நாளை இந்த அலுவலகத்துக் கதையும் இன்னொரு நேர்காணலில் பேசப்படும். பெயரும் விஷயமும் சொல்லாமல், தாள்களை எப்படிப் பூட்டிவைத்தார், கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று நடைமுறையை மட்டும் சொல்வதே சரியான பதில்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ஆட்குறைப்புப் பட்டியலில் உங்கள் தோழியின் பெயர். அவர் அடுத்த வாரம் வீட்டுக் கடனில் கையெழுத்திடப்போகிறார். சொல்வீர்களா? ‘கவலையே இல்லை, சொல்ல மாட்டேன்’ என்று சட்டென்று சொல்பவரைவிட, ‘சொல்ல மாட்டேன், ஆனால் ஆட்கள் இப்படிப்பட்ட முடிவுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அறிவிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று எம்.டி.யிடம் பேசுவேன்’ என்பவர் நம்பிக்கைக்கு உரியவர். அவரிடம் வாய்க்கட்டும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது.

விண்ணப்பிப்பவர்களும் கேட்க வேண்டியது உண்டு. எம்.டி.யின் பெயரில் ‘முடியாது’ என்று சொல்லும் அதிகாரம் எனக்கு எதுவரை? தினமும் காலையில் பத்து நிமிடம் அவரோடு உட்கார முடியுமா? தொலைபேசியில் அவரே தனியாக யாருக்காவது நேரம் கொடுப்பாரா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், அதை அன்றன்றே உங்களிடம் சொல்லிவிடுவதாக அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு வேலையில் சேருங்கள்.