"சுருக்கித் தரவும்" என்ற ஒற்றை வரி

டிசம்பர் விடுமுறைக்கு வட்டக்கச்சியில் மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மீள்குடியேறியவர்களைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்து ஒரு கூட்டம் வைக்கப்போகிறார்கள் என்றும், அதில் ஐந்து நிமிடம் பேசத் தன் பெயரைக் கொடுத்திருப்பதாகவும் மாமி சொன்னார். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் பிள்ளைகளோடு புத்தளம் போனவர். போருக்குப் பிறகு திரும்பி வந்து, இரணைமடுத் தண்ணீரை நம்பி மறுபடி வயல் செய்கிறார். "அந்த ஆணைக்குழு எங்கட ஆக்களைப் பற்றி என்ன எழுதினதாம்? அது தெரிஞ்சால் கதைக்க வசதி" என்று கேட்டார்.

மாமி சொன்னது, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை. 2010 மே மாதம் நியமிக்கப்பட்டு, 2011 நவம்பரில் ஜனாதிபதியிடம் அறிக்கை கொடுத்த குழு அது. அடுத்த மாதம் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. ஒன்பது அதிகாரங்கள், 388 பக்கங்கள். என்னிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. எனக்கு நேரமும் இல்லை, ஆங்கிலத்தில் அவ்வளவு ஓட்டமும் இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் சாச்சாவின் மகளுக்கு அறிக்கையை இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். "தங்கச்சி, இணைப்பில் உள்ள அறிக்கையைச் சுருக்கித் தரவும்" என்பதுதான் நான் எழுதிய முழுக் கடிதம்.

நாலு நாளில் பதினொரு பக்கம் வந்தது. அழகான எழுத்து, பிழை எதுவும் இல்லை. ஆனால் போர்நிறுத்த உடன்படிக்கைக்கு ஒன்றரைப் பக்கம், படை நடவடிக்கைகளுக்கு ஒன்றரைப் பக்கம், மனிதாபிமானச் சட்டத்துக்கு இரண்டு பக்கம் என்று போய், மாமிக்கு வேண்டிய விஷயத்துக்கு மூன்று வரி மிஞ்சியிருந்தது. பிழை அவளுடையதல்ல. எது முக்கியம் என்று சொல்லாவிட்டால், சுருக்குபவர் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் அதனதன் பருமனுக்கு ஏற்ற பங்கைக் கொடுப்பார். அதுதான் நியாயம் என்று அவருக்குத் தோன்றும். 388 பக்கத்தைச் சரிசமமாகக் குறுக்கினால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், யாருக்கும் உதவாது.

இரண்டாவது முறை கெட்டித்தனமாகச் செய்வதாக நினைத்து, "ஆறாம் அதிகாரத்தை மட்டும் ஒரு பக்கத்தில் தா" என்று எழுதினேன். ஆறாம் அதிகாரம் காணியும் மீள்திரும்பலும் பற்றியது. பொருத்தம் என்றுதானே படும்? வந்த பக்கத்தில் காணி விவகாரம் நன்றாகவே இருந்தது. ஆனால் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் அவர்கள் திரும்பி வருவதையும் ஆணைக்குழு விரிவாகப் பார்ப்பது ஐந்தாம் அதிகாரத்தில், மனித உரிமைகளுக்குள் தனித் தலைப்பாக. அதன் பரிந்துரைகள் ஒன்பதாம் அதிகாரத்தில் திரும்ப வருகின்றன. நான் அதிகார எண்ணைச் சொல்லி வேலி போட்டதால், மாமிக்கு மிகவும் வேண்டிய பகுதி வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. தங்கச்சியே தொலைபேசியில், "ராத்தா, அஞ்சாவதிலயும் இருக்கு, நீங்க கேக்காததால எழுதயில்ல" என்றாள். அதிகாரத்தைச் சொல்லுவது தப்பில்லை. கேள்வியைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னதுதான் தப்பு.

மூன்றாம் கடிதத்துக்கு முன் மாமியிடம் இருந்து ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் தன் கதையைச் சொல்ல வேண்டும், ஆணைக்குழு சொன்னதற்கு இரண்டு நிமிடம் போதும் என்றார். பத்திரிகையை எடுத்து மாமியை நிதானமாக இரண்டு நிமிடம் வாசிக்க வைத்து, வாசித்த சொற்களை எண்ணினோம். இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. "சுருக்கமாக" என்ற சொல் ஒருவருக்கு அரைப் பக்கம், இன்னொருவருக்கு பதினொரு பக்கம். 200 சொல் என்றால் எல்லோருக்கும் 200 சொல்தான். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் நாலு சொல்லில் வருவது தமிழில் வேற்றுமை உருபுகள் ஒட்டிக்கொண்டு இரண்டு சொல்லாகிவிடும். ஆகவே எந்த மொழியில் எண்ணிய அளவு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் குரல். ஆணைக்குழு அறிக்கையில் மூன்று குரல்கள் கலந்து கிடக்கின்றன: சாட்சி சொன்னவர்கள் சொன்னது, ஆணைக்குழு தானே கண்டதாக எழுதுவது, அரசாங்கம் செய்ய வேண்டும் என்று பரிந்துரைப்பது. சுருக்கும்போது "என்று ஒருவர் சொன்னார்" என்பதுதான் முதலில் உதிரும். அது உதிர்ந்தால் ஒரு சாட்சியின் கோரிக்கை ஆணைக்குழுவின் முடிவாக மாறிவிடும். மாமி எழுந்து நின்று "ஆணைக்குழு சொன்னது" என்று அதைச் சொல்ல, அதிகாரி ஒருவர் "எந்தப் பந்தியில்?" என்று கேட்டால் முகம் கறுத்துவிடும். நல்லவேளையாக இந்த அறிக்கையின் பந்திகளுக்கு அதிகார எண்ணோடு சேர்ந்த இலக்கம் இருக்கிறது.

கடைசியில் அனுப்பிய கடிதம் இது:

"தங்கச்சி, மாமி பிரதேச செயலகக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் வாசிக்க இது தேவை. கேட்பவர்கள் ஊர்ச்சனமும் அதிகாரிகளும். கேள்வி ஒன்றுதான்: 1990இல் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் திரும்பி வருவது பற்றி ஆணைக்குழு என்ன பரிந்துரைத்தது, அதை யார் செய்ய வேண்டும் என்றது? ஐந்தாம், ஆறாம், ஒன்பதாம் அதிகாரங்களைப் பார். வேறு இடத்தில் இருந்தால் அதையும் எடு. போர்நிறுத்தம், படை நடவடிக்கை வேண்டாம். தமிழில் 200 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. பின்னணிக்கு இரண்டு வசனம், மிச்சமெல்லாம் பரிந்துரை. சாட்சிகள் சொன்னதைச் சேர்க்காதே. ஒவ்வொரு பரிந்துரைக்கும் பின்னால் பந்தி இலக்கம் போடு. தொலைந்த காணிப் பத்திரம் பற்றி மாமி கேட்கிறார். எங்கட ஆக்களைக் குறிப்பிட்டு அதைப் பற்றி எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுது, நீயாக நிரப்பாதே."

கடைசி வசனத்துக்குக் காரணம் உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் சுருக்கினால், தனக்குத் தெரிந்ததையும் நல்லெண்ணத்தில் சேர்த்துவிடுவார். உதாரணமாக, இடம்பெயர்ந்திருந்த காலத்தில் தங்கள் காணியைப் பிறர் ஆண்டுவந்ததால் உரிமை பறிபோகும் நிலையில் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது உண்மை, பயனுள்ள செய்தியும்கூட. ஆனால் 2011ஆம் ஆண்டு அறிக்கையின் சுருக்கத்துக்குள் அது நுழைந்தால், ஆணைக்குழு சொன்னது எது, பிறகு வந்தது எது என்று பிரிக்க முடியாது. வேண்டுமென்றால் கோடு போட்டு அடியில் தனியாக எழுதச் சொல்லலாம்.

மறுநாளே ஒரு பக்கம் வந்தது, 187 சொல். வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களுக்கு நிலையான தீர்வுகளை ஆராய்ந்து, இடம்பெயர்ந்தவர்களோடும் அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர்மக்களோடும் கலந்து பேசி, அரச கொள்கை ஒன்றை வகுக்க விசேட குழு நியமிக்க வேண்டும் என்பது அதில் முதலாவதாக இருந்தது. நான் இரண்டு பந்தி இலக்கங்களை எடுத்து அறிக்கையைத் திறந்து பார்த்தேன். எண்ணும் சரி, "வேண்டும்" என்று சொல்லுவது ஆணைக்குழுதான் என்பதும் சரி. பத்திரம் பற்றிய வரியில் "நீங்கள் கேட்டபடி குறிப்பாக இல்லை" என்று இருந்தது.

மாமி அதைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது "கலந்து பேசி" என்ற இடத்தில் நின்று, பென்சிலால் அடிக்கோடு இழுத்தார். "எங்களோட கலந்து பேசி எண்டுதானே போட்டிருக்கு? அப்ப நான் இதிலயிருந்து தொடங்கிறன்" என்றார்.