இரண்டு விலை, ஒரே தங்கம்

இன்றே பணம் கொடுத்து இன்றே வாங்கும் தங்கத்துக்கு ஸ்பாட் விலை. உலகச் சந்தையில் இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் லண்டன். பின்னொரு தேதியில் பணம் கொடுத்துத் தங்கத்தைப் பெறுவதாக இன்றே பேசி முடிக்கும் விலை முன்பேர விலை. இதற்குப் பெரிய சந்தை நியூயார்க்கின் காமெக்ஸ். வழக்கமாக முன்பேர விலைதான் கூடுதலாக இருக்கும். தங்கம் ஏறப்போகிறது என்று சந்தை சொல்வதாகப் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அந்தக் கூடுதல், பெரும்பாலும் வட்டிதான்.

ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், 2,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 5 சதவீதம். கடன் வாங்கித் தங்கத்தை வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தால் வட்டி 50 டாலர். பெட்டகக் கூலியும் காப்பீடும் சிறு தொகை. ஆகவே ஆறு மாத முன்பேர விலை 2,050 டாலரை ஒட்டியே நிற்கும். அது 2,070 ஆகிவிட்டால், வியாபாரிகள் கடன் வாங்கி ஸ்பாட்டில் வாங்குவார்கள், முன்பேரத்தில் விற்பார்கள். அந்த விற்பனையே விலையைக் கீழே இழுத்துவிடும். தவணை நெருங்க நெருங்க வட்டி நாட்கள் குறைவதால் இடைவெளியும் கரையும். அமெரிக்க வட்டி பூஜ்யத்தை ஒட்டியிருந்த 2021-ல் இடைவெளி மெலிந்திருந்தது. வட்டி 5 சதவீதத்தைத் தாண்டிய 2023-ல் விரிந்தது.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: லண்டன் தங்கம் தேவைப்பட்டால் நியூயார்க் போய்ச் சேர முடிய வேண்டும். 2020 மார்ச்சில் அது முடியாமல் போனது. லண்டன் கட்டி சுமார் 400 அவுன்ஸ், ஏறத்தாழ 12.5 கிலோ. காமெக்ஸின் பிரதான ஒப்பந்தத்துக்கோ 100 அவுன்ஸ் கட்டி அல்லது கிலோ கட்டிகள்தான் செல்லும். பெரிய கட்டியை உருக்கிச் சிறிதாக வார்ப்பதில் முக்கியப் பங்கு சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநில ஆலைகளுடையது. இத்தாலி எல்லையோரம் இருந்த அவை கொரோனாவால் மூடப்பட்டன. தங்கம் வழக்கமாகப் பயணிகள் விமானங்களின் சரக்கறையில்தான் போகும். அந்த விமானங்களும் தரையிறங்கிவிட்டன.

லண்டனில் தங்கத்தை வைத்துக்கொண்டு, விலை இறங்கினால் நஷ்டம் வராமலிருக்க நியூயார்க்கில் முன்பேரம் விற்றிருந்த வங்கிகள் திகைத்தன. கையில் தங்கம் இருந்தும் ஒப்படைக்க வழியில்லை. விற்றதை அவசரமாகத் திரும்ப வாங்கத் தொடங்கின. அந்த வாங்குதலே முன்பேர விலையை மேலும் ஏற்றியது. வழக்கமாக ஓரிரு டாலரில் நிற்கும் இடைவெளி, மார்ச் 24 அன்று 70 டாலரை எட்டியது.

இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த வட்டியாலும் விளக்க முடியாது. அடையாளம் காணும் வழியும் அதுதான்: தவணைக்கு மீதமுள்ள நாட்களுக்கான வட்டியைக் கணக்கிட்டு இடைவெளியிலிருந்து கழித்துப் பார்த்தால், மிஞ்சுவது பெரும்பாலும் தங்கம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதில் உள்ள சிக்கலின் விலை. காமெக்ஸ், 400 அவுன்ஸ் கட்டியையும் ஏற்கும் புதிய ஒப்பந்தத்தை உடனே அறிவித்தது. ஏப்ரலில் ஆலைகள் ஓரளவு திறந்தன, தங்கம் மீண்டும் பறந்தது, இடைவெளி படிப்படியாகச் சுருங்கியது.