வெற்றிச் செய்திகளுக்கு நடுவே ஓர் அடிக்கோடு

இரவு 2 மணி. ஆபரேட்டரின் திரையில் படிக்கப்படாத மின்னஞ்சல்கள் சில நூறு. ஒன்றைக்கூட மனிதர் எழுதவில்லை. பேக்கப் முடிந்தது, பழைய லாக் கோப்புகள் அழிக்கப்பட்டன, அறிக்கை தயார் என்று சர்வர்கள் தாமாக அனுப்பியவை. சர்வர்களைக் கண்காணிக்கும் இரவுப் பணியாளர்கள் பலருக்கும் பழக்கமான இப்படியோர் இரவை எடுத்துக்கொள்வோம்.

இந்த ஆபரேட்டர் மின்னஞ்சல்களை வந்த நேரப்படி பார்ப்பதில்லை, தலைப்புவாரியாக அடுக்குகிறார். ஒரே தலைப்புள்ளவை கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடும். துணையில்லாத தலைப்பு தனியே நிற்கும். அன்று அப்படித் தனியாக நின்றது இது:

```
Subject: Fail event on /dev/md1:db2
```

`db2` ஒரு டேட்டாபேஸ் சர்வர். அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் உண்டு. ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ரெய்டு-1 என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். மின்னஞ்சலின் அடியில் இருந்த வரிகள்:

```
md1 : active raid1 sdb1[1](F) sda1[0]
      3906885632 blocks super 1.2 [2/1] [U_]
```

கடைசியில் உள்ள `[U_]`தான் விஷயம். இரண்டு டிஸ்க்கும் நலமாக இருந்தால் அங்கே `[UU]` என்று இருக்கும். ஓர் எழுத்து அடிக்கோடாக மாறியிருக்கிறது என்றால் ஒரு டிஸ்க் போய்விட்டது. ஆனால் வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது. சர்வர் ஓடுகிறது, இணையதளம் திறக்கிறது, வாடிக்கையாளர் யாரும் புகார் செய்யவில்லை. பழுதைத் தாங்கத்தானே இரண்டாவது டிஸ்க்? அது தாங்கிக்கொள்வதாலேயே பழுது கண்ணில் படாமல் வாரக்கணக்கில் கிடக்க முடியும். மிச்சமிருக்கும் டிஸ்க்கும் ஒருநாள் நின்ற பிறகுதான் பலர் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுக்கிறார்கள்.

உடனே புது டிஸ்க்கைச் செருகிவிடலாம் என்றுதான் கை போகும். ஆபரேட்டர் முதலில் மிச்சமிருந்த டிஸ்க்கைச் சோதித்தார். `smartctl -A /dev/sda` என்று கேட்டதும் வந்த பட்டியலில் `Current_Pending_Sector` என்ற வரியில் பூஜ்யத்துக்குப் பதில் 8 இருந்தது. எட்டு இடங்களைப் படிக்க டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தம். புது டிஸ்க்கை நிரப்ப வேண்டுமானால் பழைய டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். 4 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே தடுமாறும் டிஸ்க்குக்கு அது கடுமையான வேலை, பாதியில் கைவிட்டுவிடலாம்.

எனவே அவர் பொறியாளரை எழுப்பினார். “சார், ஒரு டிஸ்க் போயிடுச்சு. இன்னொண்ணும் சரியில்ல. மாத்தறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ வேற சர்வருக்கு காப்பி எடுத்துடலாமா?” அந்த வரிசைதான் சரி. காப்பி முடிந்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே டிஸ்க்கை மாற்றினார்கள். கழற்றும் முன் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டார்கள். அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் அந்த நொடியே நின்றுவிடும்.

கண்டுபிடிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வர்த்தக நிறுவனம் வலுவான சான்று. அங்கே பழுது வன்பொருளில் அல்ல, மென்பொருளில். 2012 ஆகஸ்ட் 1 அன்று அதன் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய மென்பொருள் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. காலை 8.01 முதல் சந்தை திறந்த 9.30 வரை, `Power Peg disabled` என்ற பிழையைச் சொல்லும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர் குழு ஒன்றுக்குச் சென்றன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல; வந்தால் அவற்றைப் படிக்கும் வழக்கமும் இல்லை. சந்தை திறந்த 45 நிமிடங்களில் தவறான ஆர்டர்கள் குவிந்து, நிறுவனம் இழந்தது 46 கோடி டாலருக்கும் மேல்.

அந்த ஊழியர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. தினமும் ‘எல்லாம் சரி’ என்று நூறு முறை சொல்லும் ஓர் அஞ்சல்பெட்டி, படிக்காமல் கடந்து போகத்தான் கண்ணைப் பழக்குகிறது.

`db2` விவகாரத்துக்குப் பிறகு மாற்ற வேண்டியதும் இதுவே. லினக்ஸில் வேலைகளை நேரப்படி ஓட்டும் கிரான், ஒரு வேலை ஏதாவது வரிகளை வெளியிட்டால்தான் பொதுவாக மின்னஞ்சல் அனுப்பும். வெற்றி பெற்றால் வாய் திறக்காதபடி ஸ்கிரிப்டுகளைத் திருத்திவிட்டால் நூற்றுக்கணக்கான அஞ்சல்கள் ஒரே நாளில் மறைந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: பேக்கப் வெற்றிகரமாக முடிந்தாலும் மௌனம், ஓடவே இல்லை என்றாலும் மௌனம். அதனால் ஒவ்வொரு பேக்கப்பும் முடிந்ததும் வேறொரு கண்காணிப்பு சர்வருக்கு ஒரு சிறு குறிப்பை அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அந்த சர்வர் ஆபரேட்டரின் போனுக்கு அழைப்பு விடுக்கும். டிஸ்க் பழுதுச் செய்தியும் அதே போனுக்கே போக வேண்டும், அஞ்சல்பெட்டிக்கு அல்ல.